அப்பாவுக்கு டயாலிசிஸ், ஆபீஸ்ல பதினொன்னாம் தேதி

கேள்வி: அண்ணே வணக்கம். மதுரை கேகே நகர்ல சின்ன டாக்ஸ் ஆபீஸ் வச்சிருக்கேன், என்னையும் சேத்து ஆறு பேரு. நல்லா வேலை பாத்துட்டு இருந்த ஒரு பையன் நாலு மாசமா ரிட்டர்ன் தேதியெல்லாம் தவற விடுறான். அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியல, வீட்ல வேற ஆளில்ல. அவனை வைய மனசு வரல. ஆனா மத்தவங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, "அவனுக்கு ஒரு சட்டம் எங்களுக்கு ஒரு சட்டமா"ன்னு ஒரு பிள்ள நேராவே கேட்டுருச்சு. என்ன பண்ணலாம்?

பதில்:

தம்பி, இதே கூத்து எங்க ஆபீஸ்லயும் நடந்துச்சு, நான் முதல் மூணு மாசம் அதைத் தப்பாத்தான் கையாண்டேன், அதனால நடந்ததை அப்படியே சொல்றேன், உனக்கு எது ஒத்துவருதோ எடுத்துக்க.

எங்கிட்ட அப்ப ஏழு பேரு. அதுல ஒருத்தன் மேலூர்ல இருந்து வந்துட்டு இருந்தான். வெள்ளனமே வந்துருவான், எட்டரைக்கெல்லாம் சீட்ல இருப்பான். 32 ஃபைல் அவன் கையில, அதுல 22 மாசாமாசம் போடுறது, 10 மூணு மாசத்துக்கு ஒருக்க போடுறது. அவங்கப்பாவுக்குக் கிட்னி போயி டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டாங்க. வாரத்துக்கு மூணு தடவை, செவ்வா வியாழன் சனி. காலைல ஆறு மணி ஸ்லாட்டு, மிஷின்ல மட்டுமே நாலு மணி நேரம், மாட்டி கழட்டி ரத்தம் நிக்குதான்னு பாத்து வெளிய வர பதினொன்னு ஆயிரும், அப்புறம் அப்பாவ மேலூர் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்ப மாட்டுத்தாவணி வந்து எறங்கி ஆபீஸ் வர மணி ரெண்டு. அன்னைக்கு ராத்திரியும் அவருக்குத் தூக்கம் இருக்காது, இவனுக்கும் இருக்காது.

இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சது. எனக்கு அப்பத் தெரிஞ்சதெல்லாம் "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல சார்" அவ்வளவுதான். நானும் பெரிய மனசு பண்ணுறதா நெனச்சுக்கிட்டு "பாத்துக்கப்பா, வேலையப் பத்திக் கவலைப்படாத"ன்னு சொல்லிட்டு, மத்தவங்கட்ட திரும்பி "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா"ன்னு சொன்னேன். அந்த ரெண்டு வாக்கியமும்தான் தப்பு. மொத வாக்கியம் அவனுக்கு என்ன உதவின்னு சொல்லல, ரெண்டாவது வாக்கியம் மத்தவங்களுக்கு எவ்வளவு நாளைக்கு எவ்வளவு பாரம்னு சொல்லல. அட்ஜஸ்ட்டுன்னா யாரு அட்ஜஸ்ட் பண்ணுவா, யாரு கேட்ட உடனே சரின்னு சொல்லுவாளோ அவதான். எங்க ஆபீஸ்ல அது திருமங்கலத்துல இருந்து வர்ற ஒரு பிள்ள. மூணு மாசமும் பத்தாம் தேதி பதினொன்னாம் தேதி ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஒக்காந்து அவன் ஃபைலையும் சேத்துப் போட்டுச்சு, பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல போயி பஸ் புடிச்சு வீட்டுக்குப் போக பதினொன்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாலாவது மாசம் வேற எடத்துல வேலை கெடச்சிருச்சு சார்னு லெட்டரக் குடுத்துருச்சு. எவ்வளவோ பேசிப் பாத்தேன், நிக்கல. போறப்ப சொன்னது மட்டும் இன்னும் காதுலயே இருக்கு, "அவரு மேல எனக்குக் கோவமே இல்ல சார், நீங்க ஒரு தடவ கூட எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனன்னு கேக்கல."

அதனால உன் ஆபீஸ்ல நேராக் கேட்ட பிள்ளைய நீ வையாத. கேக்குற ஆளு இருக்க வரைக்கும் உனக்கு நேரம் இருக்குன்னு அர்த்தம், கேக்காத ஆளு லெட்டர்தான் குடுக்கும்.

சரி, இனி செய்ய வேண்டியது. மொதல்ல அந்தப் பையன தனியாக் கூப்புட்டு ஒக்கார வச்சுப் பேசு. ஆபீஸ்ல கண்ணாடி கேபின்ல வேணாம், எல்லாரும் பாப்பாங்க, கீழ டீக்கடையிலயும் வேணாம், அங்க நம்ம கிளையன்ட்டு எவனாவது நிப்பான். மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போனப்புறம் பேசு. என்ன வியாதி, எந்த டாக்டரு, எவ்வளவு செலவுன்னு கேக்காத. அவனாச் சொன்னாக் கேட்டுக்க. நீ கேக்க வேண்டியது மூணே விஷயம், எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு உன்னால வர முடியாது, இது எவ்வளவு நாளைக்கு இப்படி இருக்கும், உன் வேலையில எந்தப் பகுதி இப்ப முடியல. மூணாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் "எல்லாமே முடியல சார்"னுதான் ஆரம்பிப்பாங்க, பொறுமையாத் தோண்டுனா அது எல்லாம் இல்லைன்னு தெரியும்.

எங்க பையன்கிட்ட இதக் கேட்டப்பதான் காலண்டரையே எடுத்தோம். அந்த மாசம் பதினொன்னாம் தேதி வியாழக்கிழமை, இருபதாம் தேதி சனிக்கிழமை. நம்ம பொழப்பு உனக்குத் தெரியும், மாசாந்திர ஃபைலுக்கு வித்த பில்லைக் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்னு, வரியக் கட்டிப் போடுற 3பி இருபது. ஜிஎஸ்டிஆர்-1க்கான நெருக்கடி எட்டுல இருந்து பதினொன்னு வரைக்கும் நாலு நாளு, அதுல செவ்வா வியாழன் போச்சு. 3பிக்கு பதினேழுல இருந்து இருபது வரைக்கும், அதுலயும் வியாழன் சனி போச்சு. ஆக மாசத்துல எட்டு நாள் முக்கியமான நாள்னா அதுல நாலு நாளு அவன் அரை ஆளு. முப்பது நாளும் அவன் மட்டமில்ல, அந்த நாலு நாள்தான் நம்மளக் கவுத்துச்சு. இதப் பாக்காம நான் "இவன் வேலையே போச்சு"ன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இன்னொன்னு, பதினொன்னாம் தேதி தவறுறது பதினொன்னாம் தேதி நடக்குறதில்ல. நம்ம வேலையில பில்லை ஏத்துறதுக்கு ரெண்டு மணி நேரம்தான், பில்லை வாங்குறதுக்குத்தான் பத்து நாளு. ஒன்னாம் தேதியில இருந்து அஞ்சாம் தேதி வரைக்கும் "அண்ணாச்சி சேல்ஸ் பில் அனுப்புங்க"ன்னு போன் பண்ணிக்கிட்டே இருந்தாத்தான் எட்டாம் தேதி கையில இருக்கும். அவன் அசதியில அந்த அஞ்சு நாள் போனை விட்டுட்டான், கிளையன்ட்டு ஒன்பதாம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்ல நாப்பது போட்டோவ அனுப்புறான், இவன் மறுநாள் ஆபீஸ்ல இருந்தாலும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரில இருக்கான். கூடவே ஒரு கேணத்தனம், நாலஞ்சு கிளையன்ட்டோட போர்ட்டல்ல ஓடிபி போற நம்பரா அவன் சொந்த நம்பரையே குடுத்து வச்சிருந்தோம். அவன் போனு உள்ள எடுக்கலைன்னா இங்க மத்தவங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சுக்கிட்டு ஓடிபிக்குக் காத்துக்கிட்டு ஒக்காந்துருப்பாங்க. கோவம் பூராம் அங்கதான் ஏறுனது. அத மாத்துறதுக்கு ஒரு வாரம்தான் ஆச்சு. உன் ஆபீஸ்லயும் இத முதல்ல பாரு, இது அவன் பிரச்சனையே இல்ல, நம்ம பிரச்சனை.

நஷ்டத்தையும் சரியா அளந்துக்க, பயத்துல பெருசாக்கிடாத. 3பி லேட்டானா நாளைக்கு 50 ரூபா, நில் ரிட்டர்னுன்னா 20. காசாக் கட்ட வேண்டிய வரி 40,000 இருந்து நாலு நாள் லேட்டுன்னா, வருஷத்துக்கு 18 பர்சென்ட்டு வட்டி போட்டா 79 ரூபா வரும், லேட் ஃபீ 200, மொத்தம் முந்நூறு கூட இல்ல. இத நான் என் கையில இருந்து கட்டிட்டேன், அவன் சம்பளத்துல புடிக்கல, புடிக்கவும் கூடாதுன்னுதான் சொல்லுவேன். உண்மையான அடி எங்கன்னா ஜிஎஸ்டிஆர்-1ல. பதினொன்னுக்குள்ள அதப் போடலைன்னா, சரக்கு வாங்குன பார்ட்டிக்குப் பதினாலாம் தேதி வர்ற 2பி பட்டியல்ல நம்ம கிளையன்ட்டோட பில்லு தெரியாது, அந்த மாசம் அவங்களுக்கு இன்புட் வரிக் கழிவு கெடைக்காது, அவங்க பேமண்ட்ட நிறுத்திருவாங்க. கீழமாசி வீதியில ஒரு மொத்த வியாபாரி, வருஷக்கணக்கா நம்மகிட்ட இருக்கவரு, இதே மாதிரி ஒரு பார்ட்டி ரெண்டு லட்சத்த நிறுத்திட்டான்னு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு கத்துனாரு. அதனால தேதியில எது இழுக்கலாம் எது இழுக்கக் கூடாதுன்னு அந்தப் பையனுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே மாதிரி தெரியணும், வியாபாரிக்கு வியாபாரி போடுற பி2பி பில்லு இருக்க ஃபைல்ல ஜிஎஸ்டிஆர்-1 தவறக் கூடாது, சில்லறைக் கடை ஃபைல்ல ஒரு நாள் போனா உலகம் அழியாது.

இப்ப மாத்துன விதத்தச் சொல்றேன். அவன் வேலையக் குறைக்கல, வேலையோட வகைய மாத்துனோம். அவங்கிட்ட இருந்த 22 மாசாந்திர ஃபைல்ல 12ஐ மூணு பேருக்குப் பிரிச்சோம், ஆளுக்கு நாலு. அவங்ககிட்ட இருந்த காலாண்டு ஃபைல் 14ஐ இவனுக்குக் குடுத்தோம். காலாண்டு ஃபைல்னா உனக்குத் தெரியும், மூணு மாசத்துக்கு ஒருக்கதான் நெருக்கடி, 3பியும் நம்ம பக்கம் இருபத்திரெண்டு, நடுவுல வர்ற மாசத்துக்கு இருபத்தஞ்சுக்குள்ள சலான் கட்டுனாப் போதும். செவ்வா வியாழன் போனாலும் திங்க புதன் வெள்ளில ஈடு கட்ட முடியும். பதினாலுக்கு அப்புறம் 2பி ஒப்பிட்டுப் பாக்குற வேலை ஆபீஸ் முழுக்க இருக்கது, அதையும் அவன் தலையில குடுத்தேன், அது மெதுவா ஒக்காந்து பாக்குற வேலை.

அப்ப மத்தவங்களுக்கு எவ்வளவு கூடுச்சு? இதத்தான் நீ உக்காந்து கணக்குப் போடணும், வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு மாசாந்திர ஃபைலுக்கு எங்க ஆபீஸ்ல மாசம் மூணு மணி நேரம் புடிக்கும், 12 ஃபைல்னா 36 மணி. காலாண்டு ஃபைலு சராசரியா மாசத்துக்கு ஒன்றரை மணி, 14க்கு 21 மணி. 36ல 21 போனா 15. மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மாசம் அஞ்சு மணி நேரம். இத பேப்பர்ல எழுதி அவங்க முன்னாடி வச்சப்ப அவங்களுக்கே ஆச்சரியம், மாசம் நாப்பது மணி நேரம் கூடப் பாக்குற மாதிரி நெனச்சுட்டு இருந்தாங்க. ஏன்னா முன்னாடி அது எப்ப வரும்னு தெரியாம பத்தாம் தேதி ராத்திரி தலையில வந்து விழுந்துச்சு. அஞ்சு மணி நேரம்னு தெரிஞ்சு முன்னாடியே வந்தா அது பாரமே இல்ல.

அந்த அஞ்சு மணி நேரத்தையும் ஓசியில வாங்கக் கூடாது. நம்ம தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947ல, ஓவர்டைமுக்கு ரெட்டிப்புக் கூலி, நாளைக்கு எட்டு மணி வாரம் 48 மணிக்கு மேல போனா. மாசம் 18,000 சம்பளம்னா 26 நாளு எட்டு மணி நேரத்துல வகுத்தா மணிக்கு 86 ரூபா 50 காசு, ரெட்டிப்பு 173, அஞ்சு மணிக்கு 865. நான் ஆயிரமாக் குடுத்தேன், மாசம் மூணு பேருக்கு மூவாயிரம் செலவு. வேணாம்னு சொல்றவங்களுக்கு அரை நாள் லீவு, எந்த நாளு வேணும்னு அவங்களே சொல்லலாம், எட்டுல இருந்து பதினொன்னு வரைக்கும் மட்டும் கூடாது. மூவாயிரம் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா திருமங்கலம் பிள்ள போனதுக்கப்புறம் புது ஆள் எடுத்துப் பழக்க எத்தனை மூவாயிரம் போச்சுன்னு நெனச்சுப் பாத்தா இது ஒன்னுமே இல்ல.

சரி, அவன் சம்பளம்? இங்கதான் நெறையப் பேரு கோட்டை விடுவாங்க. ஒன்னு முழுச் சம்பளம் குடுத்து நல்ல பேரு வாங்கிக்குவாங்க, மத்தவங்க பொருமுவாங்க, இல்லைன்னா பொசுக்குன்னு சம்பளத்தக் கட் பண்ணுவாங்க, அவன் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கப்ப. நான் லீவுக் கணக்க எடுத்தேன். அதே சட்டப்படி ஒரு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட லீவு, அதோட கேஷுவல் 12, சிக் லீவு 12. சிக் லீவு அவனுக்கே உடம்பு சரியில்லைன்னாத்தான், அதத் தொடல, இந்த மாதிரி நேரத்துல அவனே படுத்தாலும் படுத்துருவான். மிச்சம் 24, அதுல நாலு கேஷுவல் ஏற்கனவே போயிருச்சு, 20 நாள் இருக்கு. 20 நாள்னா 40 அரை நாள். வாரத்துக்கு மூணு அரை நாள் எடுத்தா 13 வாரம் வரும், மூணு மாசம். அதனால ஏற்பாட்டையே மூணு மாசம்னு வச்சோம், தேதி போட்டு. அந்த மூணு மாசமும் முழுச் சம்பளம், அவனுக்குச் சேர வேண்டிய லீவுலதான், யாரோட தயவுலயும் இல்ல. இது மத்தவங்களுக்கும் தெரிஞ்சது, யாருக்கும் கேள்வி இல்ல.

டீம்கிட்ட என்ன சொல்றதுன்னு ரொம்ப யோசிச்சேன். அவன்கிட்டயே கேட்டேன், "எவ்வளவு சொல்லலாம்பா?" அவன் டயாலிசிஸ்னு சொல்ல வேணாம்னான், தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றாங்க, ஊருல பரவுனா வேற மாதிரிப் பேசுவாங்கன்னு. சரின்னேன். காலைல எல்லாரையும் வச்சு இவ்வளவுதான் சொன்னேன்: "வீட்டுல ஒரு பொறுப்பு, செவ்வா வியாழன் சனி ரெண்டு மணிக்கு மேலதான் வருவாரு, இந்தத் தேதி வரைக்கும். அதுக்கு அவரு லீவு போடுறாரு. ஃபைல் இப்படி மாறுது, கூட வர்ற நேரத்துக்கு இவ்வளவு காசு. உங்கள்ல யாருக்கு இந்த மாதிரி வந்தாலும் இதே ஏற்பாடுதான்." என்ன வியாதின்னு ஒரு ஆளு கேட்டாரு, "அத அவருகிட்டயே கேளுங்க, நான் சொல்லக் கூடாது"ன்னுட்டேன். உங்க வீட்டு விஷயத்தையும் நான் அடுத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அதுலயே அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

கடைசி வரி, "யாருக்கு வந்தாலும் இதே ஏற்பாடு", அதச் சொல்றதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுட்டுச் சொல்லு, ஏன்னா வருவாங்க. எங்கிட்ட ரெண்டே மாசத்துல ஒருத்தரு வந்தாரு, பையனுக்கு ட்வெல்த் பரீட்சை, ட்யூஷனுக்குக் கொண்டு விடணும்னு. சிரிப்பு வந்துச்சு, அப்பா டயாலிசிஸும் ட்யூஷனும் ஒன்னான்னு. ஆனா நான் யாரோட கஷ்டம் பெருசுன்னு தராசு புடிக்கல. அதே மூணு கேள்வியக் கேட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெளம்பணும், ரெண்டு மாசம். சரி, காலைல ஒரு மணி நேரம் முன்னாடி வாங்க, எட்டுல இருந்து பதினொன்னு வரைக்கும் உங்க வீட்டம்மா கூட்டிட்டுப் போகட்டும். முடிஞ்சது. கஷ்டத்த எடை போட ஆரம்பிச்சா நாமளே பஞ்சாயத்து நாட்டாமை ஆயிருவோம், தம்பி, அப்புறம் ஆபீஸ் நடத்த முடியாது. வேலை எப்படி நடக்கும்னு மட்டும் பாரு.

எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி போட்டேன், இந்தப் பையனுக்கு மட்டும்னு இல்ல. அஞ்சாம் தேதி சாயங்காலம் எந்த ஃபைல்ல பில்லு வரலன்னு போர்டுல எழுதணும். எட்டாம் தேதி மத்தியானத்துக்குள்ள "இந்த ஃபைலு என்னால முடியாது"ன்னு யாரு வேணா சொல்லலாம், ஒரு கேள்வி கேக்க மாட்டேன், ஆள் மாத்திக் குடுப்பேன். பதினொன்னாம் தேதி சாயங்காலம் சொன்னா அது தப்பு, அது அவனா இருந்தாலும் சரி நானா இருந்தாலும் சரி. சரிசமம்னா எல்லாருக்கும் ஒரே ஃபைல் எண்ணிக்கை இல்ல, இந்த எட்டாம் தேதிதான் எல்லாருக்கும் ஒன்னு.

இப்ப கெட்ட பக்கமும் சொல்லிடுறேன். ரெண்டாவது மாசம் ஒரு ஃபைலப் பத்திக் கேட்டேன், "போட்டாச்சு சார்"னான். எனக்கு ஏதோ உறுத்துச்சு, ரிட்டர்ன் போட்டதும் போர்ட்டல் குடுக்குற ஏஆர்என் நம்பரக் காட்டுன்னேன், இல்ல. டிராஃப்ட்ல சேவ் பண்ணி வச்சிருந்தான், ராத்திரி போட்டுக்கலாம்னு. வெக்கத்துல பொய் சொல்லிட்டான், திரும்பத் திரும்ப முடியலன்னு சொல்ல முடியாம. அத நான் லேட்டானது மாதிரி எடுத்துக்கல. அன்னைக்கே கூப்புட்டு, லேட்டுக்கு ஏற்பாடு இருக்கு, பொய்க்கு இல்லன்னு சொல்லி, நடந்தத ரெண்டு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுல இருந்து யாரு சொன்னாலும் ஏஆர்என் ஷீட்ல ஏறுனாத்தான் போட்டதாக் கணக்கு, அப்பத்தான் அவனை மட்டும் சந்தேகப்படுற மாதிரி இருக்காது. அப்புறம் அப்படி நடக்கல.

நடந்துச்சுன்னா? அவன் ஒத்துக்கிட்ட நேரத்துல, ஒத்துக்கிட்ட ஃபைல்லயே தொடர்ந்து தவறுனா, இல்ல எட்டாம் தேதிய ரெண்டு மூணு தடவை சொல்லாம விட்டா, அது ஆஸ்பத்திரிப் பிரச்சனையத் தாண்டி வேற ஏதோன்னு எடுத்துக்கலாம். சில பேருக்கு அந்த வேலையே அந்த நேரத்துல முடியாது, கிளையன்ட்டு முன்னாடி நிக்க வேண்டாத வேலையாக் குடுத்துப் பாரு. கோவத்துல "நாளைல இருந்து வராத"ன்னு மட்டும் சொல்லிடாத, ஆறு மாசத்துக்கு மேல வேலை பாத்தவங்கள நிறுத்தணும்னா அதே சட்டத்துல 41ஆம் பிரிவுப்படி நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ வேணும். அதுக்கு முன்னாடி நீ எழுதி வச்ச ரெண்டு வரித் தாள்கள்தான் பேசும்.

ஒரு எல்லையும் இருக்கு. இந்தக் காலண்டர் வேலை நேரம் தெரிஞ்ச கஷ்டத்துக்குத்தான். வீட்டுல சண்டை, புருஷன் குடி, மனசு சரியில்லாம இருக்கிறது, இதுக்கெல்லாம் செவ்வா வியாழன் கெடையாது, எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது. அங்க நான் செய்யுறது, அவங்ககிட்ட இருக்க ஒவ்வொரு ஃபைலுக்கும் கூட ஒரு ஆளப் பேரு போட்டு வைக்கிறது, எட்டாம் தேதிக்குப் பதிலா ஆறாம் தேதியே ரெண்டு பேரும் ஒக்காந்து பாக்குறது. அந்தக் கூட ஆளுக்கு அந்த நேரத்துக்கான காசு உண்டு. அதுக்கு மேல நாம டாக்டரும் இல்ல குடும்ப நீதிமன்றமும் இல்ல, போக வேண்டிய எடத்துக்குப் போகச் சொல்லி லீவு குடுக்கலாம்.

மூணு மாசம் முடிஞ்சப்ப மறுபடி ஒக்காந்தோம். டயாலிசிஸ் மூணு மாசத்துல முடியுற சமாச்சாரம் இல்ல, மாத்துக் கிட்னி வைக்காத வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். "சரியானதும் பாத்துக்கலாம்"னு நான் ஆரம்பத்துல சொன்னது எவ்வளவு முட்டாள்தனம்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. அதுக்குள்ள அவனே சித்தப்பா மகன்கிட்ட பேசி சனிக்கிழமைய அவன் பாத்துக்குறதா ஏற்பாடு பண்ணிட்டான், இத நான் சொல்லல, ஒரு தேதி முன்னாடி இருந்ததால அவனாவே செஞ்சான். மிச்சம் வாரத்துக்கு ரெண்டு அரை நாள், எட்டு மணி நேரம். லீவும் தீந்துருச்சு. அதுல நாலு மணி நேரத்த திங்க புதன் வெள்ளில காலைல வெள்ளனமே வந்து ஈடு கட்டுறேன்னான். மிச்சம் நாலு மணி நேரம், வாரம் 48ல பன்னண்டுல ஒரு பங்கு, 18,000ல 1,500. அதக் கொறச்சு 16,500ன்னு எழுதி, ஆறு மாசத்துக்கு அப்புறம் மறுபடி பாக்குறதா வச்சோம். குடுக்குறப்ப எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு, அவன் முகம் தெளிவா இருந்துச்சு. "இப்ப நான் யாருக்கும் கடன்பட்டிருக்க மாதிரி இல்ல சார்"னான்.

தீவாளி வந்தப்பதான் கடைசிக் குடைச்சல், உனக்கும் வரும், இப்பவே சொல்லி வைக்கிறேன். போனஸ எல்லாருக்கும் அவங்கவங்க சம்பளக் கணக்குல ஒரே விகிதத்துல குடுத்தேன், அவனுக்கும். இன்கிரிமெண்ட்டுக்கு மட்டும், ஆளுக்கு ஒத்துக்கிட்ட ஃபைல் எத்தனை, அதுல தேதிக்குள்ள ஏஆர்என் வந்தது எத்தனைன்னு பாத்தேன். அவனுக்குக் கடைசி நாலு மாசத்துல ஒன்னுதான் தவறியிருந்துச்சு, அதையும் எட்டாம் தேதியே சொல்லிட்டான். 32 ஃபைல் இருந்த பழைய மாசங்கள அவன் கணக்குல சேக்கல, அது என் கணக்கு. மத்த மூணு பேருக்குக் கூட எடுத்த நாலு நாலு ஃபைலையும் சேத்து எண்ணுனேன், அதனால அவங்களுக்கு அவன விடக் கொஞ்சம் கூட வந்துச்சு. அவனுக்கும் தெரியும், ஒன்னும் சொல்லல.

நாளைக்குக் காலைல வேற ஒன்னும் செய்யாத, காலண்டர எடுத்து வச்சுக்கிட்டு அந்தப் பையன் வராத நாளப் பூராம் சிவப்புல வட்டம் போடு, எட்டுல இருந்து பதினொன்னு, பதினேழுல இருந்து இருபது, இதுல எத்தனை வட்டம் விழுதுன்னு பாரு. அப்புறம் அந்த நேராக் கேட்ட பிள்ளைகிட்ட போன மாசம் பதினொன்னாம் தேதி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனன்னு கேளு.